கட்டைவிரலுக்குக் கெடு உண்டு, நகத்துக்கு இல்லை

1993இல் அமெரிக்க உளவியலாளர் பாட்ரிக் ஃப்ரைமனும் அவருடைய குழுவினரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில படங்களைக் காட்டினார்கள். ஒரே குழந்தையை இரண்டு விதமாக எடுத்த படங்கள். ஒன்றில் குழந்தையின் கட்டைவிரல் வாய்க்குள் இருந்தது, மற்றதில் கை வெளியே இருந்தது. இந்தக் குழந்தை புத்திசாலியா, சந்தோஷமாக இருக்கிறதா, இதோடு சிநேகமாக இருப்பாயா, விளையாடச் சேர்த்துக்கொள்வாயா, வகுப்பில் பக்கத்தில் உட்காருவாயா என்றெல்லாம் கேட்டார்கள். விரல் வாயில் இருந்த படத்துக்கு எல்லாக் கேள்விகளிலும் குறைவான மதிப்பே கிடைத்தது. முகம் அதே முகம்தான். தீர்ப்புச் சொன்னவர்களுக்கும் வயது ஆறோ ஏழோதான், அவர்களில் சிலர் ஓராண்டுக்கு முன்பு வரை விரல் சூப்பியிருக்கவும் கூடும்!

வீட்டுக்குள் இருக்கும்வரை விரல் சூப்புவது செல்லமான ஒரு பழக்கம். பள்ளி வாசலைத் தாண்டியதும் அது வேறொன்றாகிவிடுகிறது. ஆனால் பெற்றோர் கலங்க வேண்டிய இடம் சக பிள்ளைகளின் கேலி மட்டும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ‘தரித்திரம்’, ‘பீடை’ போன்றவை கணக்கிலேயே வராதவை. விரல் சூப்புதல், நகம் கடித்தல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு கணக்குகள். முதலாவதற்குப் பல் வைத்த கெடு ஒன்று இருக்கிறது. இரண்டாவதற்குக் கெடு கிடையாது, சில அடையாளங்கள் மட்டுமே உண்டு. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் எதைக் கண்டும் காணாமல் விடலாம், எதில் இறங்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

விரல் சூப்புவது பிறந்த பிறகு கற்றுக்கொள்ளும் வேலை இல்லை. கருவில் இருக்கும் சிசு கட்டைவிரலை வாயில் வைத்திருப்பதை ஸ்கேன் திரையில் பார்த்த பெற்றோர் நிறையப் பேர். பால் குடிப்பதற்கான உறிஞ்சும் இயல்பு, பசி இல்லாத நேரத்திலும் குழந்தையை அமைதிப்படுத்துகிறது, தூங்க வைக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட வயதில் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். அந்த வயதுவரை எதுவும் செய்யத் தேவையில்லை. பால்பற்கள் கொஞ்சம் முன்னே தள்ளியிருந்தாலும் பழக்கம் நின்றதும் பெரும்பாலும் தானே சரியாகும்.

நம் வீடுகளில் சிகிச்சை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வேப்பெண்ணெய், கற்றாழைச் சாறு, வேப்பங்கொழுந்து விழுது. கசப்பு என்ற அளவில் இவை பெரிய ஆபத்தில்லை. பலன்தான் குறைவு, ஏனென்றால் பாட்டி தடவிய வேப்பெண்ணெயை நக்கி முடித்துவிட்டு மறுபடி சூப்பத் தொடங்கும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. மிளகாய்ப்பொடி தடவுவது அப்படிப்பட்டதில்லை. தூக்கத்தில் குழந்தை அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கும். அந்த வைத்தியத்தை அறவே மறந்துவிடுவது நல்லது. விரலில் சூடு வைப்பேன், வெட்டிவிடுவேன் என்று மிரட்டுவதும் அப்படித்தான். விரல் சூப்புவதே பதற்றத்தைத் தணிக்கத்தான். மிரட்டல் அந்தப் பதற்றத்தைத்தான் கூட்டும்.

கெடு எப்போது?

ஆறு வயதை ஒட்டிக் கீழ்த்தாடையின் நிரந்தர முன்பற்கள் முளைக்கத் தொடங்கும். மேல்தாடை முன்பற்கள் ஏழு, எட்டு வயதில் இறங்கும். வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகும் பற்கள் இவை. இவை வெளிவரும் நேரத்தில் ஒரு கட்டைவிரல் தினமும் பல மணி நேரம் நடுவில் நின்றால், பற்கள் அதைச் சுற்றி இடம் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே ஒன்றாம் வகுப்புக் காலத்துக்குள் பழக்கம் நின்றுவிட்டால் நல்லது. அதற்கு மேலும் தொடர்ந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

இதில் பெற்றோர் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பல்லை நகர்த்துவது விரலின் பலம் குறைவாகவும் நேரம் மிகுதியாகவும்தான். பகலில் சத்தம் வர உறிஞ்சிவிட்டுப் பத்து நிமிடத்தில் விட்டுவிடும் பிள்ளையின் பற்களுக்கு அனேகமாக எதுவும் ஆகாது. இரவு முழுவதும் மென்மையாக விரலை வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளையின் பற்கள் நகர்ந்துவிடும். மிக லேசான அழுத்தமாக இருந்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் தொடர்ந்தால் பல் இடம்பெயரும் என்பது பல்சீரமைப்பு மருத்துவர்களின் பாடம். அதனால் ‘எப்போதாவதுதான் சூப்புகிறான்’ என்று பகலை மட்டும் பார்த்துச் சொல்வதில் அர்த்தமில்லை. கணக்கு இரவில்தான் இருக்கிறது.

வாய்க்குள் நடப்பது இதுதான். விரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளும், கீழ் முன்பற்களை உள்ளே சாய்க்கும். முன்பற்கள் முழுதாக இறங்கி ஒன்றையொன்று தொட இடம் கிடைக்காமல் நடுவில் ஓர் இடைவெளி விழும். இன்னொரு மாற்றம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. விரல் உள்ளே இருக்கும்போது நாக்கு தாழ்ந்துவிடுகிறது. மேல்தாடையை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருந்த நாக்கு விலகியதும் கன்னத் தசைகள் வெளியிலிருந்து அழுத்துகின்றன. மேல்தாடை குறுகி, கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்பக்கமாக விழத் தொடங்குகின்றன. முன்பற்களின் இடைவெளி பழக்கம் நின்றால் பெரும்பாலும் மெல்ல மூடிக்கொள்ளும். குறுகிய தாடை அப்படித் தானாக விரிவது குறைவு. அதற்குத் தாடையை விரிக்கும் சாதனம் தேவைப்படலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். வெளிச்சமான இடத்தில் பிள்ளையை நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப் பற்களை இறுக்கிக் கடிக்கச் சொல்ல வேண்டும். உதட்டை விரித்து முன்னாலிருந்து பார்த்தால், மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைக் கொஞ்சம் மறைத்திருக்க வேண்டும். நடுவில் இருட்டான இடைவெளி தெரிந்தால் கவனிக்க வேண்டும். ஆறேழு வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் பாதி இறங்கிய நிலையிலும் இப்படி ஓர் இடைவெளி தெரியும், அது இயல்பு. மேல் முன்பற்கள் விரிந்து நடுவே சந்து தெரிவதும் அந்த வயதில் சாதாரணம். விரலால் வந்த இடைவெளிக்குத் தனி அடையாளம் உண்டு. எந்தக் கை விரலோ அந்தப் பக்கம் சற்று அகலமாக, இரண்டு பக்கமும் சமமில்லாமல் அது இருக்கும்.

அடுத்து விரலைப் பார்க்க வேண்டும். விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் ஒன்பது விரல்கள் அழுக்காகவும் ஒரு கட்டைவிரல் மட்டும் பளிச்சென்றும் இருந்தால், ‘நான் எப்பவோ விட்டுட்டேன்’ என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. நீண்ட நாள் பழக்கமென்றால் கணுவின்மேல் தோல் தடித்துக் காய்ப்பு விழுந்திருக்கும். பல் மருத்துவர்கள் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் கையை நீட்டச் சொல்வது இதற்காகத்தான்.

ஓர் எட்டு வயதுப் பெண்

பல் மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் வகையைச் சேர்ந்த ஒரு சிறுமியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வயது எட்டு, மூன்றாம் வகுப்பு. வகுப்பில் சூப்புவதில்லை, கேலிக்குப் பயம். முன்பற்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி. ‘ச’வும் ‘ஸ’வும் கொஞ்சம் குழறும். அம்மா கசப்பு மருந்து தடவிப் பார்த்தாயிற்று, அப்பா திட்டிப் பார்த்தாயிற்று, ஆத்தா கேலி செய்தும் பார்த்தாயிற்று.

முதல் வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். கணக்கெடுப்பது மட்டுமே வேலை. ஒன்பது மணிக்குத் தூங்கும் பெண்ணை அம்மா பத்து மணிக்கும் நள்ளிரவிலும் இரண்டு மணி வாக்கிலும் எட்டிப் பார்க்கிறார். இரண்டு மணிவரை விரல் வாயில்தான் இருக்கிறது, பிறகு தானாக நழுவிவிடுகிறது. அது 5 மணி நேரம். டிவி முன்னால் ஒரு மணி நேரம், பள்ளி வேனில் வரும்போது அரை மணி நேரம். மொத்தம் ஆறரை மணி. பல் நகர்வதற்கு இது போதும். கூடவே, எந்த நேரத்தில் கை வாய்க்குப் போகிறது என்பதும் கணக்கில் வந்துவிட்டது: சோர்வு, சலிப்பு, தூக்கம். பயமோ அழுகையோ அந்தப் பட்டியலில் இல்லை.

பிறகுதான் பேச்சு. பேச்சை எங்கே தொடங்குகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. கண்ணாடி முன்னால் அவளையே கடிக்கச் சொல்லி, இடைவெளியை அவளே பார்க்கும்படி செய்யலாம். “புதுப்பல்லு இன்னும் இறங்கிட்டு இருக்கு கண்ணு, விரல் வழிவிட்டா இது மூடிக்கும். அம்மா என்ன உதவி பண்ணணும்னு நீயே சொல்லு” என்று கேட்டால் எட்டு வயதுப் பெண் யோசிப்பாள். விடவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கே வராவிட்டால் அடுத்த படிகள் எதுவும் நிற்காது. “எனக்கு வேணாம்” என்று சொன்னால் ஒரு மாதம் விட்டுவிட்டு மறுபடி பேசலாம். அந்த ஒரு மாதத்தில் பற்களுக்குப் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது.

சம்மதித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வாரம் பகல் நேரத்துக்கு மட்டும். டிவி பார்க்கும்போது இரண்டு கையாலும் பிடிக்கும்படி தலையணையோ பந்தோ மடியில் இருக்கும். வேனில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொள்வாள். மறந்து விரல் வாய்க்குப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். அம்மாவும் அவளும் முன்பே பேசிவைத்த ஒரு சைகை போதும், காதைத் தொடுவது போன்ற ஏதாவது ஒன்று. பகல் கொஞ்சம் கட்டுக்குள் வந்த பிறகுதான் இரவுக்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் இரவில் கைவைத்தால் அவளுக்கும் தூக்கம் போகும், வீட்டுக்கும் தூக்கம் போகும்.

தூக்கத்தில் மன உறுதி வேலை செய்யாது. அவளறியாமல் கை வாய்க்குப் போகும்போது நினைவுபடுத்த ஒரு பொருள் வேண்டும். கையில் மென்மையான பருத்திக் காலுறையை மாட்டிவிடுவது ஒரு வழி. இன்னொன்று முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டும் மீள்துணிக் கட்டு, மருந்துக் கடையில் கிரேப் பாண்டேஜ் என்று கேட்டால் கிடைக்கும். கையை மடக்கும்போது அது லேசாக இழுக்கும், தூக்கம் ஆழ்ந்ததும் கை தானாக நீண்டு விரல் வெளியே வந்துவிடும். இறுக்கிக் கட்டக் கூடாது. துணிக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், கைவிரல்கள் குளிரவோ நிறம் மாறவோ கூடாது, ஊசி குத்தாமல் ஒட்டுப்பட்டையால் முடிக்க வேண்டும். முதல் தடவை மருத்துவரிடம் கட்டும் முறையைப் பார்த்துக்கொண்டால் கவலையில்லை. இதைத் தண்டனையாகக் கட்டினால் அவள் அழுவாள். தன் யோசனையாக எடுத்துக்கொண்டாளென்றால், படுக்கும்போது அவளே கையை நீட்டுவாள்.

சுவரில் ஒரு காலண்டர். விரல் படாத இரவுக்கு மறுநாள் காலையில் அவளே நட்சத்திரம் ஒட்டுவாள். முதல் வாரத்திலேயே ஏழு இரவு கேட்பது பேராசை. இரண்டு நட்சத்திரத்துக்கே அவள் கேட்ட கதைப் புத்தகம், பிறகு மூன்று, பிறகு ஐந்து என்று ஏற்றலாம். பரிசு சிறியதாக இருக்கட்டும், ஆனால் சொன்ன நாளில் கைக்கு வரட்டும். ஆண்டு முடிவில் சைக்கிள் என்பது எட்டு வயதுக்கு எட்டாத தூரம். நழுவிய இரவுக்குக் கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். ஒட்டிய நட்சத்திரத்தைப் பிய்த்தெடுக்கும் வேலை மட்டும் கூடாது. தொடர்ந்து ஒரு மாதம் விரல் படாமல் கடந்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது எனலாம். ஆனாலும் காய்ச்சல் வந்தாலோ வெளியூர்ப் பயணம் போனாலோ சில இரவுகள் திரும்பி வரும், அதைத் தோல்வி என்று எழுத வேண்டியதில்லை.

இரண்டு மூன்று மாதம் முயன்றும் நடக்கவில்லை, பெண்ணுக்கோ நிறுத்தத்தான் ஆசை என்றால் பல் மருத்துவர் ஒரு சாதனம் வைக்கலாம். மேல் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, முன்பற்களுக்குப் பின்னால் ஒரு சிறு கம்பி வேலி நிற்கும்படி ஒட்டிவிடுவார்கள். விரல் அண்ணத்தில் பதிந்து கிடைக்கும் சுகம் போய்விடும். முதல் சில நாட்கள் பேச்சு குழறும், சாப்பாடு சிக்கும், தூக்கம் கெடும், பிறகு பழகிவிடும். பழக்கம் நின்ற பிறகும் சில மாதங்கள் அதை வாயிலேயே வைத்திருப்பார்கள், உடனே எடுத்துவிட்டால் விரல் திரும்பி வரும். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வைக்கும் கம்பி உடைந்து வரும் என்பதை அனுபவமுள்ள மருத்துவர்கள் அறிவார்கள்.

நகத்தின் கதை

நகம் கடிப்பது பொதுவாக நாலு வயதுக்குப் பிறகு, பள்ளிக் காலத்தில்தான் தொடங்குகிறது. விரல் சூப்புவதை விட்ட பிள்ளை நகத்துக்கு மாறுவதும் உண்டு. பதின்வயதில் இன்னும் அதிகமாகி, பலரிடம் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் டிவி காமிரா பார்வையாளர் பக்கம் திரும்பினால் எத்தனை வாய்களில் எத்தனை விரல்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நகம் கடிக்கும் பிள்ளை பயந்த சுபாவம் என்று சொல்லிவிடுவது எளிது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு கல்லூரி மாணவர்கள் எப்போது நகம் கடிக்கிறார்கள் என்று கவனித்தது. சும்மா உட்கார்ந்து அலுத்துப்போன நேரத்திலும், கடினமான கணக்கோடு மல்லாடும் நேரத்திலும்தான் கை வாய்க்குப் போனது. மற்றவர்களோடு பேசும்போதும் கண்டிக்கப்படும்போதும் அது குறைந்தது. ஆய்வு பெரியவர்களைப் பற்றியது என்றாலும், வீட்டுப்பாடத்தில் வகுத்தல் கணக்கு போடும் ஐந்தாம் வகுப்புப் பையனைக் கவனித்தால் அதே காட்சியைக் காணலாம். திட்டும்போது நிறுத்திவிட்டு, அம்மா அடுக்களைக்குப் போனதும் தொடங்குவதற்கும் இதுவே காரணம். கண்டித்த நிமிடத்தில் பழக்கம் அடங்கியிருப்பதால் கண்டிப்பு வேலை செய்கிறது என்று பெற்றோருக்குத் தோன்றிவிடுகிறது.

நகத்தின் நுனியை மட்டும் கடித்துத் துப்பும் பிள்ளையை அப்படியே விட்டுவிடலாம். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும், ஆறு மாதத்தில் முழு நகமும் புதிதாகிவிடும். சதையோடு சேர்ந்த அடிப்பகுதி பழுதாகாதவரை கடித்த நகம் திரும்ப ஒழுங்காகவே வளரும்.

இதில் ஓர் ஆறுதல் செய்தியும் உண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டிய வகை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களுக்கு 13 வயதானபோது, தூசி, பூனை முடி போன்றவற்றுக்கு ஒவ்வாமை உண்டா என்று தோலில் குத்திச் சோதித்தார்கள். சிறு வயதில் விரல் சூப்பாமல், நகமும் கடிக்காமல் இருந்தவர்களில் 49 சதவீதத்தினரிடம் ஒவ்வாமை அறிகுறி தெரிந்தது. இரண்டு பழக்கமும் இருந்தவர்களில் 31 சதவீதம்தான். வாய் வழியே போன அழுக்கு உடம்பைப் பழக்கியிருக்கலாம் என்பது ஊகம். ஆனால் ஆஸ்துமாவிலோ சளிக்காய்ச்சல் ஒவ்வாமையிலோ வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பழக்கத்தை ஊக்குவியுங்கள் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை.

எந்த அடையாளங்கள் கண்டால் இறங்க வேண்டும்?

முதலாவது விரல் ஓரத்து இரத்தமும் சீழும். நகம் தீர்ந்த பிறகு பிள்ளை ஓரத்துத் தோலைக் கடிக்கத் தொடங்கும். அந்தக் கீறல் வழியே கிருமி புகுந்தால் நகச்சுத்து. விரல் சிவந்து, வீங்கி, தொட்டால் துடிக்கும். நம் ஊரில் உடனே எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகுவார்கள். வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு மூன்று நான்கு முறை பத்துப் பதினைந்து நிமிடம் விரலை வைத்திருப்பதே தொடக்க நிலைக்குப் போதுமான முதலுதவி. சீழ் கோத்தாலோ, சிவப்பு விரலைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டில் ஊசியால் குத்தக் கூடாது. நகத்தைச் சுற்றி மரு இருக்கும் பிள்ளை கடித்தால் மரு மற்ற விரல்களுக்கும் உதட்டுக்கும் பரவும், அதையும் முதலில் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது கீரிப்பூச்சி. பெண் புழு இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அரிப்பெடுத்துப் பிள்ளை சொறியும், முட்டைகள் நகக்கண்ணில் சேரும். சில மணி நேரத்திலேயே அவை தொற்றும் நிலைக்கு வந்துவிடும். காலையில் அதே விரல் வாய்க்குப் போனால் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. நகம் கடிக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுத்தும் பூச்சித் தொல்லை திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். தேசியக் குடற்புழு நீக்க நாளையொட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். கீரிப்பூச்சிக்கு அந்த ஒரு மாத்திரை போதாது. அது புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும், வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்தும் கொடுக்க மருத்துவர்கள் சொல்வார்கள். இரவில் பிள்ளை பின்பக்கம் சொறிந்தால், பழக்கத்தை மாற்றும் யோசனையை ஒத்திவைத்துவிட்டு முதலில் பூச்சிக்கு வழி பார்க்க வேண்டும்.

உடம்பில் எதுவும் இல்லாமல், பிள்ளையே கையை மறைக்கத் தொடங்கியிருந்தால் அதுவும் இறங்குவதற்குப் போதுமான காரணம்தான்.

இறங்குவது என்றால் என்ன செய்வது? 1973இல் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் ஒரு முறையை வகுத்தார்கள். நகம் கடித்தல், முடி பிடுங்குதல், தன்னையறியாத உடல் அசைவுகள் எனப் பலவற்றுக்கும் அது இன்றுவரை பயன்படுகிறது. முதல் படி, பிள்ளைக்குத் தன் கை போவது தெரிய வேண்டும். கடித்த பிறகு தெரிவதில் பயனில்லை. கை மேசையிலிருந்து எழும்போதே, விரல் நுனி இன்னொரு நகத்தின் சொரசொரப்பைத் தடவும்போதே தெரிய வேண்டும். அந்தத் தடவல்தான் பெரும்பாலும் தொடக்கம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மெதுவாக நடித்துப் பார்த்து, “இதோ, இங்கதான் ஆரம்பிக்குது” என்று கண்டுபிடிக்கலாம். பிள்ளைகளுக்கு இது துப்பறியும் விளையாட்டு போலப் பிடித்துப்போகும்.

இரண்டாம் படி, அந்த நொடியில் கைக்கு வேறு வேலை. முஷ்டியை மெல்ல இறுக்கி ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வைத்திருப்பது, பென்சிலையோ அழிப்பானையோ இறுகப் பிடிப்பது. விரல் வாய்க்குப் போக முடியாததாகவும், வகுப்பில் யார் கண்ணையும் உறுத்தாததாகவும் அந்த வேலை இருக்க வேண்டும். மூன்றாம் படி, பார்த்து ஒரு வார்த்தை பாராட்ட ஒருவர். அம்மாவோ அண்ணனோ, வீட்டில் ஒருவர் போதும். எல்லோரும் கண்காணித்தால் அது விசாரணை ஆகிவிடும்.

இதோடு நகவெட்டியும் அரமும் வேண்டும். பிசிறு இல்லாத நகத்தைக் கடிக்கத் தூண்டுதல் குறைவு. வாரம் இரண்டு முறை வெட்டி, அரத்தால் ஓரங்களை வழவழப்பாக்கி, இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் ஓரத்துத் தோலும் பிளக்காது. பத்து விரலையும் ஒரே நாளில் மீட்க முயல வேண்டாம். ஒரே ஒரு விரலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு வாரத்தில் அதில் வெள்ளை விளிம்பு தெரியும். அந்த விளிம்பைப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த விரலுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்காது.

கடையில் விற்கும் கசப்பு நகப்பூச்சுக்கு ஓர் இடமுண்டு. தன்னையறியாமல் கை போகும்போது நாக்கில் கசந்து நினைவூட்டும். பிள்ளை தானே பூசிக்கொண்டால் அது உதவி, பெரியவர்கள் பிடித்துவைத்துப் பூசினால் வம்பு. தோல் பிளந்து இரத்தம் கசியும் விரலில் பூசக் கூடாது, எரியும்.

பழக்கத்துக்குப் பின்னால் வேறொன்று இருக்கும் சமயங்களும் உண்டு. நிறுத்திய பழக்கம் திடீரெனத் திரும்பினால், வீட்டிலோ பள்ளியிலோ என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். தம்பிப் பாப்பா வந்த வீட்டில் ஆறு வயது அக்கா மறுபடி விரல் சூப்பினால் சில வாரம் கண்டும் காணாமல் இருந்து, அவளோடு கூடுதல் நேரம் செலவிட்டால் போதும். பள்ளிக்குப் போகும் காலைகளில் வயிற்றுவலி, தூக்கமின்மை, நண்பர்களைப் பற்றிப் பேசாமை ஆகியவற்றோடு நகம் கடிப்பது கூடினால் கேலியோ மிரட்டலோ நடக்கிறதா என்று மெல்ல விசாரிக்க வேண்டும். முடியைப் பிடுங்குவது, அதிலும் பிடுங்கிய முடியை விழுங்குவது, தோலைப் பிய்த்துப் புண்ணாக்குவது, கண் சிமிட்டல் போன்ற தன்னிச்சையான அசைவுகள் ஆகியவை சேர்ந்திருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் குழந்தைநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழுங்கிய முடி வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகக்கூடும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி: எப்போது தொடங்கியது, இரவில் எத்தனை மணி நேரம், பகலில் எந்தெந்த வேளை, இதுவரை என்னென்ன முயன்றீர்கள். கேள்விகளுக்குப் பிள்ளையையே பதில் சொல்ல விடுங்கள், இடையில் புகுந்து ‘எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறான் டாக்டர்’ என்று தொடங்காதீர்கள். விரலால் பல் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க ஏழு வயதுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. பிள்ளையின் மனநிலை பற்றிய சந்தேகம் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.